குரூப் போட்டோவில் இல்லாதவர் முகத்தைச் சேர்க்க: Match Color-ஆ, Curves-ஆ?

அறுபதாம் கல்யாண ஆல்பம் வந்தால் கூடவே இந்த வேலையும் வரும். மண்டபத்தில் எடுத்த குடும்பப் படத்தில் வெளிநாட்டில் இருக்கும் மகனும் நிற்க வேண்டும். கையில் இருப்பது அவர் பால்கனியில் எடுத்து அனுப்பிய ஒரு மொபைல் படம். போட்டோஷாப்பில் முகத்தை வெட்டி மாஸ்க் போடுவது சுலபம்தான். மண்டபத்து மஞ்சள் வெளிச்சத்தில் நிற்பவர்கள் நடுவே நிழலில் எடுத்த நீலம் பாய்ந்த முகம் தனியாகத் தெரியாமல் இருப்பதுதான் சிரமம். அதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன.

பலரும் முதலில் போவது Image > Adjustments > Match Color. மகன் முகத்தில் ஒரு செலக்‌ஷன், குரூப்பில் பக்கத்தில் நிற்பவர் முகத்தில் ஒரு செலக்‌ஷன், Source-இல் குரூப் படம். அரை நிமிடத்தில் நிறம் மாறிவிடும், Fade-ஐக் கொஞ்சம் ஏற்றினால் மிதப்படும். ஆனால் அது பார்ப்பது அந்த முகத்தின் நிறத்தை மட்டும்தான். அந்த நிறத்தில் வெளிச்சத்தின் பங்கு எவ்வளவு, தோலின் பங்கு எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. பெரியப்பா மாநிறம், மகன் சிவப்பு என்றால் மகனுக்கும் பெரியப்பா நிறமே வந்துவிடும். படம் பொருந்தியிருக்கும், ஆனால் அம்மா பார்த்ததும் “என் பையன் இப்படியா இருப்பான்?” என்பார். மேலும் இது அட்ஜஸ்ட்மென்ட் லேயராகக் கிடைக்காது. லேயரை நகல் எடுக்காமல் செய்தால் திரும்பிப் போக வழி குறைவு.

இரண்டாவது, விளிம்பைக் கலக்கும் முறை. OpenCV என்ற நிரல் தொகுப்பின் `seamlessClone` இந்த வகை. உள்ளே இருக்கும் ஏற்ற இறக்கங்களை வைத்துக்கொண்டு, நிறத்தைச் சுற்றியுள்ள விளிம்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். விளிம்பு முழுக்கத் தோலில் விழுந்தால் அருமையாக வரும். ஆனால் முழு முகத்தை வெட்டினால் விளிம்பு கருப்பு முடியிலும் சிவப்புப் புடவையிலும் போய் நிற்கும், அந்தக் கறை கன்னம் வரை இறங்கும். குரூப் படத்துக்கு இதை நான் எடுப்பதில்லை.

என் ஓட்டு Curves-க்குத்தான், அதுவும் தோலை விட்டுவிட்டு வெள்ளைத் துணியை அளந்து. மகன் படத்தில் சட்டைக் காலர் வெள்ளை. குரூப்பில் அவர் நிற்கப்போகும் இடத்துக்குப் பக்கத்தில் ஒருவர் வெள்ளைச் சட்டையில் இருக்கிறார். Color Sampler-ஐ 11 by 11 Average-இல் வைத்து இரண்டையும் தொட்டால் Info பேனலில் எண்கள் வரும். காலர்: R 205, G 212, B 222. மண்டபத்துச் சட்டை: R 226, G 208, B 172. இரண்டு வெளிச்சங்களுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான், இதில் யாருடைய தோலும் கலக்கவில்லை. 255-ஐத் தொட்ட, வெளுத்துப்போன இடத்தில் மட்டும் அளக்கக் கூடாது.

முகத்தின் லேயருக்கு மேல் ஒரு Curves லேயர் வைத்து, இரண்டுக்கும் நடுவே Alt அழுத்திக் கிளிக் செய்தால் அது முகத்தை மட்டும் பாதிக்கும். நீலத்தில் 172-ஐ 222-ஆல் வகுத்து 255-ஆல் பெருக்கினால் 198, வலது மேல்முனையின் Output-ஐ அதற்கு இறக்குங்கள், பச்சையில் அதே கணக்கில் 250-க்கு. சிவப்பு ஏற வேண்டும் என்பதால் அங்கே கணக்கைத் திருப்பி, 205-ஐ 226-ஆல் வகுத்து 255-ஆல் பெருக்கி, முனையின் Input-ஐ 231-க்கு நகர்த்துங்கள். கோட்டின் நடுவில் புள்ளி வைத்து வளைத்தால் நெற்றியின் பளபளப்பில் நீலம் திரும்ப எட்டிப் பார்க்கும், முனையை நகர்த்தினால் கோடு நேராகவே இருக்கும். மகன் நெற்றி 176, 138, 120-இலிருந்து 194, 135, 93-க்கு வரும். மண்டபத்து வெளிச்சத்தில் நின்றிருந்தால் ஏறக்குறைய இப்படித்தான் இருந்திருப்பார், பெரியப்பா நிறத்துக்குப் போகாமல். பத்து நிமிட வேலை. Match Color அரை நிமிடம்தான் என்பதை மறுக்கவில்லை. சிறிய பிரின்ட், அண்ணன் தம்பி ஒரே நிறம் என்றால் அதுவே போதும்.

இரண்டுமே கைவிடும் இடம் ஒன்று உண்டு: வெளிச்சத்தின் திசை. மண்டபத்தில் வீடியோ லைட் இடப்பக்கமிருந்து அடிக்கும், எல்லார் மூக்கு நிழலும் வலது கன்னத்தில் விழுந்திருக்கும். பால்கனி முகத்தில் நிழலே இருக்காது. இன்னொரு Curves லேயரை இருட்டாக்கி, அதன் மாஸ்க்கில் வலது கன்னம், மூக்கின் பக்கவாட்டு, தாடைக்குக் கீழே கழுத்து என்று மெல்லிய பிரஷ்ஷில் வரைய வேண்டும். அதிகம் பேர் விட்டுவிடுவது கழுத்தைத்தான், தலை மிதப்பது போல் தெரிவது அதனால்தான். எல்லாவற்றுக்கும் மேல் ஒரு Black & White லேயரைப் போட்டுப் பாருங்கள். அப்போதும் முகம் தனியாகத் தெரிந்தால் கோளாறு வெளிச்சத்தில், கருப்பு வெள்ளையில் சரியாக இருந்து கலரில் மட்டும் உறுத்தினால் நிறத்தில்.

வெளிச்சம் நேர் எதிர்ப்பக்கமிருந்து வந்த படம் என்றால் முகத்தை Flip Horizontal செய்யலாம். ஆனால் வகிடும் மச்சமும் பக்கம் மாறிவிடும், வீட்டுக்காரர்கள் அதை உடனே கண்டுபிடிப்பார்கள். அதற்கு வேறு படம் கேட்பதே மேல்: ஜன்னல் இடப்பக்கம் வருமாறு நின்று, வெள்ளைச் சட்டை போட்டு, பிளாஷ் இல்லாமல் ஒன்று எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.