ஒரு பத்தி, மூன்று தமிழ்: கூலர் குறிப்பை மொழிபெயர்த்தபோது

சேலம் சூரமங்கலத்தில் என் வீட்டு மேசையில் ஒரே பத்தியின் மூன்று தமிழ் வரைவுகள் கிடக்கின்றன. சிமென்ட் ஆலைக் கட்டுப்பாட்டு அறையில் ஷிப்ட் பார்ப்பவர்களுக்காக சிமென்ட் சுடும் உலையான கில்ன், அதில் வெந்து வரும் கிளிங்கர் கட்டிகளை ஆறவைக்கும் கூலர் இரண்டையும் பற்றிய இயக்கக் குறிப்பைத் தமிழாக்கும் வேலை அது. முழுக் குறிப்பும் நாற்பது பக்கம். மூன்று வழிகளில் எது சரி என்று முடிவெடுக்க எனக்கு அந்த ஒரு பத்தியே போதுமாக இருந்தது. அது கூலரின் முதல் அறையில், கிளிங்கரைத் தாங்கி நகர்த்தும் கிரேட் தட்டுகளுக்கு அடியில் காற்றழுத்தம் ஏறினால் என்ன செய்வது என்ற பத்தி.

விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கில்னின் எரிமண்டலத்தில் ஏறக்குறைய 1450 டிகிரியில் வெந்த கிளிங்கர் கூலரின் கிரேட் மேல் விழுந்து, ஒரு கனமான அடுக்காகப் பரவி நகர்கிறது. அடியிலிருந்து பேன்கள் காற்றைத் தள்ளுகின்றன. கிளிங்கரின் சூட்டை வாங்கிக்கொண்ட அந்தக் காற்றில் ஒரு பங்கு 1000 டிகிரியை ஒட்டிய சூட்டோடு கில்னுக்குள் திரும்பிப் போய்ச் சுடருக்கு உதவுகிறது. இதைத்தான் செகண்டரி ஏர் என்கிறோம். கிளிங்கர் அடுக்கு கனத்தால் காற்று ஏற இடமில்லாமல் அடியில் அழுத்தம் ஏறும். அப்போது கிரேட் வேகத்தைக் கூட்டி அடுக்கை மெலிதாக்குவது வழக்கம். ஆனால் அடுக்கு கனக்காமலே, கிளிங்கர் பொடியாக வந்தாலும் அதே அழுத்தம் ஏறும், ஏனென்றால் பொடிக்குள் காற்று புகாது. திரையில் இரண்டுக்கும் ஒரே எண்தான். செய்ய வேண்டியது மட்டும் வேறு வேறு.

முன்பு நான் ஷிப்ட் பார்த்த ஓர் ஆலையில் இதைத் தவறவிட்டோம். இரவு இரண்டு மணிக்கு மேல் முதல் அறை அழுத்தம் 480 மில்லிமீட்டர் நீர்த்தம்பத்திலிருந்து 560-க்குப் போனது. கிரேட் நிமிடத்துக்கு 12 தடவை அடித்துக்கொண்டிருந்தது, அதை 16 ஆக்கினோம். அழுத்தம் கொஞ்சம் இறங்கியது. நிம்மதியாக உட்கார்ந்தோம். அடுக்கு மெலிந்ததால் காற்று சூட்டை வாங்காமலே மேலே போய்விட்டது. முக்கால் மணி நேரத்தில் செகண்டரி ஏர் 1020-லிருந்து 880-க்கு வந்தது. சுடர் தளர்ந்து எரிமண்டலம் குளிர்ந்தது, சரியாக வேகாத கிளிங்கர் இன்னும் பொடியாக வந்தது. அழுத்தம் மறுபடி ஏறியது. நாங்கள் மறுபடி வேகத்தைக் கூட்டினோம். விடியும்போது கூலரின் ஒரு பக்கச் சுவரோரம் முழு நீளத்துக்கும் சிவப்பாக ஒரு கோடு ஓடியது. ரெட் ரிவர் என்பது அதுதான். காற்றெல்லாம் பருமனான கற்கள் இருந்த பக்கமாகத் தப்பிவிட, பொடி விழுந்த பக்கம் ஆறாமல் கனன்றபடியே கடைசி வரை போகிறது. கிளிங்கரில் சேராமல் மீந்த சுண்ணாம்பான ஃப்ரீ லைம் மூன்று சதவீதத்துக்கு மேல் என்று லேபிலிருந்து வந்தது. ஒன்றரைக்குள் வைத்திருந்த கில்ன் அது.

அந்த இரவிலும் எங்கள் மேசையில் குறிப்பு இருந்தது. ஆங்கிலத்தில். பொடியால் அழுத்தம் ஏறியிருந்தால் வேகத்தைக் கூட்டாதே என்ற வாக்கியமும் அதில் இருந்தது. யாரும் அந்த வரிவரை போகவில்லை. அதனால்தான் இந்த மொழிபெயர்ப்பை நான் ஒப்புக்கொண்டேன்.

முதல் வரைவு தனித்தமிழில்: "முதற் பிரிவின் அடித்தட்டு அழுத்தம் உயருமாயின் படுகைத் தடிப்பு மிகுந்துள்ளதெனக் கொண்டு தட்டு விரைவை உயர்த்துக. துகள் மிகுதியால் அழுத்தம் உயர்ந்திருப்பின் விரைவை உயர்த்தற்க."

இதை எழுதியபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை. தாரமங்கலத்திலிருந்து வரும் ஒரு ஆப்பரேட்டரிடம் படிக்கக் கொடுத்தேன். பத்தாண்டுக்கு மேல் கில்ன் பார்ப்பவர். முதல் வாக்கியத்தை ஒருமுறை, இரண்டாவதை இரண்டுமுறை படித்துவிட்டு, "ரெண்டுலயும் வேகத்தைக் கூட்டத்தானே சார் போட்டிருக்கு?" என்றார். உயர்த்துக, உயர்த்தற்க. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம் ஒரே ஓர் அசை. புலவருக்கு அது போதும், திரையில் நான்கு அலாரம் மினுக்கும்போது போதாது. 'படுகை' என்றதும் அவருக்கு நினைவு வந்தது காவிரிப் படுகை. அது அவர் தவறில்லை, அந்தச் சொல் அங்கேதான் வாழ்கிறது.

தனித்தமிழில் ஒரு சொல்லுக்கு மட்டும் இந்த ஊரில் நியாயம் உண்டு: சூளை. ஏற்காடு மலையடிவாரத்தில் வெள்ளைக்கல் எடுத்துச் சுட்டு மெக்னீசியா ஆக்கிய ஊர் இது. கில்னின் எரிமண்டலத்தில் பதிக்கும் செங்கலுக்கும் மெக்னீசியாதான் மூலப்பொருள். எத்தனையோ வீடுகளில் அப்பாவோ தாத்தாவோ சூளை வேலைக்குப் போனவர்கள். ஆனால் திரையில் `KILN` என்று நிற்கிறது, வாக்கி-டாக்கியில் 'கில்ன்' என்றுதான் கேட்கிறது. ஒரே பொருளுக்கு இரண்டு பெயர் வைத்தால் புதிதாக வரும் பையன் இரண்டு பொருள் என்று நினைப்பான். மனமில்லாமல்தான் 'சூளை'யை எடுத்தேன்.

இரண்டாவது வரைவு ஆங்கிலச் சொற்களை அப்படியே தமிழ் எழுத்தில் இறக்கியது: "ஃபர்ஸ்ட் சேம்பர் அண்டர்கிரேட் பிரஷர் ரைஸ் ஆனால் பெட் திக்னஸ் இன்கிரீஸ் ஆகியிருப்பதாக அஸ்யூம் செய்து கிரேட் ஸ்பீடை ரைஸ் செய்யவும். ஃபைன்ஸ் காரணமாக பிரஷர் ரைஸ் ஆகியிருந்தால் ஸ்பீடை ரைஸ் செய்யக் கூடாது."

பேச்சில் பாதிச் சொற்கள் இப்படித்தான் வருகின்றன, ஆகவே இதுதான் யதார்த்தம் என்று வாதிடும் பொறியாளர்கள் உண்டு. பாதிதான் உண்மை. கிரேட், பிரஷர், பேன், கோட்டிங், பர்னர் எல்லாம் ஆப்பரேட்டரின் சொந்தச் சொற்கள். 'அஸ்யூம்' அப்படியல்ல. 'ரைஸ் ஆனால்' என்று யாரும் சொல்வதில்லை, 'ஏறினால்' என்பார்கள். 'ஃபைன்ஸ்' என்பதைப் பயிற்சிக்கு வந்த பையன் அபராதம் என்று படித்தான். பொருளின் பெயர் ஆங்கிலத்தில் வரலாம், அது ஓர் அடையாளச் சீட்டு. என்ன நடக்கிறது, என்ன செய்வது என்ற வினைச்சொல் தமிழில் இல்லாவிட்டால் வாக்கியம் இரண்டு மொழியிலும் புரியாமல் நிற்கிறது. 'ஸ்பீடை ரைஸ் செய்யக்' என்பதுவரை கண் ஓடிவிட்டால் கை மவுஸுக்குப் போய்விடும், 'கூடாது' அதற்குப் பின்னால் வருகிறது. தமிழில் மறுப்பு வினையின் வாலில்தான் நிற்கும். இந்த வரைவு அதற்கு ஒரு வழியும் செய்யவில்லை.

மூன்றாவது வரைவுக்கு நான் மூலத்தின் வாக்கிய வரிசையையே விட்டுவிட்டேன். இதில் வரும் `UGP-1` முதல் அறை அழுத்தத்துக்குத் திரையில் இருக்கும் பெயர், `KILN TORQUE` கில்னைச் சுழற்றத் தேவைப்படும் முறுக்குவிசை.

"`UGP-1` ஏறினால், கிரேட் வேகத்தில் கை வைக்கும் முன் கிரேட் ஹைட்ராலிக் பிரஷரைப் பாருங்கள். அதுவும் சேர்ந்து ஏறியிருந்தால் கிளிங்கர் கனமாகக் குவிந்திருக்கிறது. வேகத்தைக் கூட்டுங்கள். ஹைட்ராலிக் பிரஷர் அப்படியே நிற்க `UGP-1` மட்டும் ஏறியிருந்தால் பொடி வருகிறது. அப்போது கூடாதது: வேகத்தைக் கூட்டுவது. வேகத்தை அப்படியே வைத்து, `KILN TORQUE` இறங்குகிறதா, செகண்டரி ஏர் சூடு இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கினால் கோளாறு கில்னில். அதை அங்கே சரிசெய்யுங்கள்."

திரையில் படிக்கும் பெயர் திரையில் இருக்கும்படியே. பொருள்களுக்கு ஆப்பரேட்டர் வாயில் வரும் சொல். வினையெல்லாம் தமிழ். 'கூடாதது' என்பது செயலுக்கு முன்னால். ஹைட்ராலிக் பிரஷர் மூலத்தில் வேறு பக்கத்தில் இருந்தது. கிரேட் மேல் எடை கூடினால் தள்ளும் எண்ணெய் அழுத்தமும் கூடும், வெறும் பொடியால் அது பெரிதாக மாறாது. கனத்தையும் பொடியையும் பிரித்துக் காட்ட அறையில் உட்கார்ந்தபடியே பார்க்கக்கூடிய சான்று அதுதான். அதை இந்தப் பத்திக்குக் கொண்டுவந்தேன்.

இதற்குத்தான் கடுமையான எதிர்ப்பு வந்தது. குறிப்பை எனக்குத் தந்த பிராசஸ் பொறியாளர், "நீங்க மொழிபெயர்க்கலை, திருத்தி எழுதியிருக்கீங்க. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா எது அசல்?" என்று கேட்டார். சரியான கேள்வி. முதல் இரண்டு வரைவுகளுக்கும் இருக்கும் ஒரே மெய்யான பலம் இது: மூலத்தோடு வரிக்கு வரி ஒத்துப்பார்க்கலாம். மூன்றாவதில் முடியாது. அதனால் அதற்கு ஒரு விலை உண்டு. ஒவ்வொரு பத்தியையும் பிராசஸ் துறை தமிழிலேயே படித்துக் கையெழுத்திட வேண்டும், மூலம் மாறினால் தமிழும் அன்றே மாற வேண்டும். அந்த உழைப்புக்கு ஆலை தயாராக இல்லையென்றால் மூன்றாவது வரைவு ஆபத்தானது என்றே சொல்வேன். பழைய எல்லை எண்களோடு தெளிவாக எழுதிய குறிப்பை ஆப்பரேட்டர் நம்பிவிடுவார். பிராசஸ் பொறியாளர் அந்த உழைப்புக்குத் தயாராக இருந்தார், நாங்கள் மூன்றாவதை எடுத்தோம்.

மூன்றாவது வழியிலும், குறிப்பின் வேறொரு பத்தியில், என் தமிழ் சறுக்கியது. கில்ன் வாயில் உள்ள காற்றழுத்தமான ஹூட் டிராஃப்ட் எப்போதும் மைனஸில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சூடான காற்றும் தூசியும் வெளியே அடிக்கும். "டிராஃப்டைக் கூட்டுங்கள்" என்று எழுதியிருந்தேன். மைனஸ் 2-ஐ மைனஸ் 5 ஆக்குவது கூட்டுவதா, குறைப்பதா? தாரமங்கலத்துக்காரர் கூட்டுவது என்றார், ஓமலூரிலிருந்து வரும் இளையவர் எண் கணக்குப்படி குறைப்பது என்றார். இருவருக்கும் காரணம் இருந்தது. 'இழுவை' என்று தனித்தமிழில் போட்டிருந்தால் 'இழுவையைக் கூட்டு' என்பது குழப்பமில்லாமல் இருந்திருக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இங்கே முதல் வரைவு வென்றது. ஆனால் அதைக் கேட்ட இளையவர், "இழுவைன்னா ஐடி பேன் வேகமா சார்?" என்றார். கில்னின் காற்றை மறுமுனையிலிருந்து இழுக்கும் பேன் அது. கடைசியில் எண்ணையே எழுதினோம்: "`HOOD DRAFT` மைனஸ் 2-க்கு மேலே, பூஜ்யத்தை நோக்கி வந்தால், மைனஸ் 5 பக்கம் கொண்டுபோங்கள்."

இன்னும் ஒரு வரி பாக்கி. ரெட் ரிவர் எப்போதும் ஒரே பக்கம்தான் ஓடும், கில்ன் சுழலும் திசையைப் பொறுத்து. குறிப்பு அதை 'இடது பக்கம்' என்கிறது. பர்னர் மேடையில் நின்று கில்னைப் பார்ப்பவருக்கு இடது ஒன்று, கிளிங்கர் போகும் திசையில் பார்ப்பவருக்கு இடது மற்றொன்று. நானும் அதை 'இடது' என்றே மொழிபெயர்த்திருந்தேன். அடுத்த வாரம் ஆலைக்குப் போய், அந்தச் சுவருக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்து, அந்தப் பெயரை எழுத வேண்டும்.