பேஸ் கிற்றார் கோப்பில் பாட்டுக்காரியின் குரல்

ஊர்க் கோயில் பூங்காவன இரவில் எங்கள் குழு வாசித்தது. நான் கீபோட். குழுவின் கணக்கு வழக்கும் என் தலையில்தான். இந்த முறை நிகழ்ச்சியை ஒவ்வொரு சானலாகத் தனித்தனியே லப்டொப்பில் றெக்கோட் பண்ணி, பிறகு ஆறுதலாக மிக்ஸ் செய்து வெளியிடுவோம் என்று முடிவெடுத்தோம். அதற்கென்று வாடகைக்குப் பிடித்த சவுண்ட்காரரிடம் ஏமாந்த கதை இது. ஆளின் பெயரை எழுதப் போவதில்லை. ஆனால் அவர் செய்த வேலையை யாழ்ப்பாணத்தில் இன்னொருவர் உங்களுக்கும் செய்யலாம், அதனால் விபரமாக எழுதுகிறேன்.

அவர் கொண்டு வந்தது பெரிங்கர் எக்ஸ்ஆர் 18. முகத்தில் ஒரு ஃபேடரும் இல்லாத, டப்லெட்டால் இயக்குகிற மிக்ஸர் பெட்டி. பெட்டியில் பிழை சொல்ல ஒன்றும் இல்லை. 16 மைக் ஓட்டைகளும் 2 லைன் ஓட்டைகளும் இருக்கின்றன, அந்த 18ஐயும் ஒரே யூஎஸ்பி வயரால் லப்டொப்புக்குத் தனித்தனியாக அனுப்பும். பழைய பிரிண்டருக்குக் குத்துகிற சதுர மூக்கு வயர்தான் தேவை. எங்களுக்குச் சரியாக 16 சானல்: ட்ரம்ஸ் 4, ஒக்டபாட் 2, தபேலா 2, பேஸ், கிற்றார், கீபோட் 2, புல்லாங்குழல், மூன்று குரல்கள்.

"ஓம் அண்ணை, பதினாறும் தனித்தனியா வரும், யோசிக்காதேங்கோ" என்றார். சவுண்டுக்குக் கொடுத்த காசுக்கு மேல் றெக்கோடிங்குக்கு மட்டும் 25,000 ரூபா. அரைவாசி முன்பணம், மிச்சம் நிகழ்ச்சி முடிந்த கையோடு.

இரண்டு நாள் கழித்து பென்டிரைவ் வந்தது. 16 கோப்பு, `KICK.wav`, `SNARE.wav`, `BASS.wav` என்று ஒழுங்காகப் பெயர் வைத்து. ஒவ்வொன்றும் ஒரு ஜிபிக்குக் கொஞ்சம் மேல். நான் கணக்குப் பார்த்தேன்: 24 பிட், 48 கிலோஹேட்ஸில் ஒரு மோனோ சானல் மணிக்கு 520 எம்பி அளவில் வரும், எங்கள் நிகழ்ச்சி இரண்டு மணி பத்து நிமிடம். சரியாகத்தானே இருக்கு என்று மனம் ஆறிவிட்டது. இந்தக் கணக்கு அளவை மட்டுமே காட்டும், உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டாது. அது அப்போது மண்டையில் ஏறவில்லை.

ஹெட்போனைப் போட்டு `KICK.wav` ஐத் திறந்தால் முழுப் பாட்டும் கேட்கிறது. போன் எடுத்தேன். "அது மேடையில எல்லா மைக்கிலையும் எல்லாம் விழும்தானே அண்ணை" என்றார். இந்தப் பதில்தான் ஆபத்தான பதில், ஏனென்றால் அதில் பாதி உண்மை. ட்ரம்ஸ் மைக்கில் பக்கத்து மொனிற்றர் சத்தம் விழத்தான் செய்யும், குரல் மைக்கில் ஸ்னேர் கேட்கத்தான் செய்யும். நானும் ஒரு நாள் முழுக்க அதை நம்பிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் `BASS.wav` ஐத் திறந்தேன். அதில் எங்கள் பாட்டுக்காரி பல்லவியைத் தெளிவாகப் பாடுகிறா. பேஸ் கிற்றாருக்கு நாங்கள் மைக்கே வைக்கவில்லை. டிஐ பெட்டி வழியாக வயரால் நேரே மிக்ஸருக்குப் போனது. வயருக்குக் காது கிடையாது. கீபோட்டும் ஒக்டபாட்டும் அப்படித்தான். நேரே வயரால் வந்த வாத்தியத்தின் கோப்பில் குரல் கேட்டால் அது மைக்கில் விழுந்த சத்தமே இல்லை, மிக்ஸ் பண்ணி முடிந்த சத்தம்.

இன்னும் உறுதிக்கு ஒரு சோதனை. ரீப்பர் என்ற றெக்கோடிங் மென்பொருளில் `KICK.wav` ஐயும் `BASS.wav` ஐயும் ஒரே தொடக்கத்தில் மேலும் கீழுமாக வைத்து, ஒன்றின் துருவத்தை மட்டும் தலைகீழாக்கினேன் (டிராக்கில் Ø குறி போட்ட பொத்தான்). இரண்டையும் சேர்த்து விட்டால் முற்றாக மௌனம். மீற்றர் அசையவே இல்லை. வேறு வேறு சத்தங்கள் இப்படி ஒன்றையொன்று அழிக்காது. ஒரே சத்தத்தின் இரண்டு பிரதிகள் மட்டுமே அழிக்கும். பதினாறையும் பார்த்தேன். பதினாறும் ஒன்றேதான்.

எப்படிச் செய்தார் என்பதையும் அதே கோப்புகள் காட்டிக் கொடுத்தன. நாற்பதாவது நிமிடத்துக்குக் கிட்ட, இருபது செக்கன் போல, எல்லாக் கோப்பிலும் புல்லாங்குழல் மட்டும் தனியே கேட்கிறது. மற்றவர்கள் யாரும் வாசிப்பை நிறுத்தவில்லை. அது அவர் டப்லெட்டில் புல்லாங்குழலின் சோலோ பொத்தானை அமத்தி ஹெட்போனில் கேட்டுப் பார்த்த இடம். அதாவது லப்டொப்புக்குப் போனது மிக்ஸரின் ஹெட்போன் ஓட்டையிலிருந்து எடுத்த சத்தம். உடனே அந்த இரவு ஞாபகம் வந்தது: மேசையில் இரண்டு ஓட்டைச் சின்ன இன்டர்ஃபேஸ் ஒன்று கிடந்தது, சதுர மூக்கு வயரை நான் எங்கேயும் காணவில்லை. அந்த நேரம் என் கவலை ஜெனரேட்டரில்.

நேரே போய்க் கேட்டபோது ஒப்புக்கொண்டார். "லப்டொப் மிக்ஸரைக் காட்டேல்லை அண்ணை. ஐயர் மணி அடிச்சிட்டார், நான் என்ன செய்யிறது?" விண்டோஸில் அந்தப் பெட்டியின் 18 சானலும் வர தயாரிப்பாளரின் ஏஎஸ்ஐஓ டிரைவரை முதலே போட்டிருக்க வேண்டும். அதைப் போடாமல் வந்து, கோயில் வீதியில் டேட்டாவும் இழுபடாமல், ஹெட்போன் ஓட்டையைப் பிடித்திருக்கிறார். ரீப்பரில் 16 டிராக்கைத் திறந்து எல்லாவற்றுக்கும் முதலாம் இன்புட்டையே விட்டிருக்கிறார். அது ஸ்டீரியோவின் இடப்பக்கம் மட்டும். வலப்பக்கத்துக்குத் தள்ளியிருந்த என் கீபோட்டின் ஸ்ட்ரிங்ஸ் போயே போய்விட்டது. டிரைவர் இல்லாமல் போனது கவனக்குறைவு, அதை மன்னிக்கலாம். தெரிந்துகொண்டே பதினாறு பெயர் வைத்துத் தந்ததைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

உங்கள் நிகழ்ச்சிக்கு ஆள் பிடித்தால், மிச்சக் காசை எண்ணிக் கொடுக்க முதல், சவுண்ட் செக் நேரத்தில் லப்டொப்புக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள். மிக்ஸருக்கும் லப்டொப்புக்கும் நடுவில் யூஎஸ்பி வயர் ஓடுகிறதா என்று கண்ணால் பாருங்கள். ரீப்பரின் Preferences இல் Audio, Device பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். ஏஎஸ்ஐஓ தெரிவாகி, இன்புட் 1 முதல் 18 வரை தெரிய வேண்டும். இரண்டு மட்டும் தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள். பிறகு ஒரு பொடியனை மேடைக்கு அனுப்பி மைக்குகளை ஒவ்வொன்றாக விரலால் தட்டச் சொல்லுங்கள். தட்டிய மைக்கின் மீற்றர் துள்ள வேண்டும், பக்கத்து மைக்குகள் கொஞ்சம் அசையலாம், டிஐயில் வந்த டிராக்குகள் செத்துக் கிடக்க வேண்டும். கடைசியாக ஒரு நிமிடம் பதிந்து, பேஸ் டிராக்கை மட்டும் ஹெட்போனில் கேளுங்கள். எல்லாம் சேர்த்துப் பத்து நிமிட வேலை.

மிக்ஸ் ஆகிப்போன சத்தத்திலிருந்து ஒன்றையாவது பிரித்து எடுக்க வழி தேடி ஒரு வாரம் மினக்கெட்டேன். இரண்டாவது பாட்டில் குரல் தபேலாவுக்குள் அமுங்கிக் கிடக்கிறது. தனிக் குரல் டிராக் இருந்தால் அதை ஒரு இழுப்பில் தூக்கியிருக்கலாம். குரலைக் கூட்டப் போனால் தபேலாவும் கூடவே வருகிறது. பாட்டுக்காரியிடம் இன்னும் முழுசாகச் சொல்லவில்லை.

25,000இல் 10,000 திரும்பி வந்தது. மிச்சம் "தை பிறக்கட்டும்" என்கிறார்.