கன்றை ஊட்டவிடுவதா, கையால் மடியைத் தூண்டுவதா?

பினாங்கின் செபராங் பிறையில் மாடு வளர்ப்போர், பால் சுரக்க முதலில் கன்றை ஊட்டவிடுவதும் உண்டு. கன்றின்றிக் கறப்பதும் உண்டு. கன்று முட்டினால் மாடு விரைவாகச் சுரப்பு விடும். ஆனால் முதல் பீச்சுகள் கன்றின் வாய்க்குள் போவதால், திரிந்த பால் காட்டும் மடிநோய் கண்ணில் படாது. எச்சிலையும் கழுவ வேண்டும். கன்று இறந்துவிட்டால் பால் இறக்க மறுக்கும் மாடுகளும் உண்டு.

கைவழியில், வெதுவெதுப்பான நீரால் காம்புகளைக் கழுவி, தனித் துணியால் ஈரம் போக ஒற்றி, ஒவ்வொன்றிலும் 3 அல்லது 4 பீச்சுகளைக் கருநிறக் கிண்ணத்தில் பார்க்கலாம். இந்தத் தொடுகையே பாலை இறக்கும் ஆக்சிடோசின் ஹார்மோனைச் சுரக்கச் செய்ய, ஏறத்தாழ 1 நிமிடத்தில் காம்பு பருக்கும். அதன் பலன் சில நிமிடங்களே நீடிப்பதால், இடைநிறுத்தாமல் கறக்க வேண்டும். தலையீற்று மாட்டைக் கைவழிக்கே பழக்குவேன். கன்றுக்குப் பழகிய மாட்டிற்கு, முதல் பீச்சுகளைச் சோதித்த பின்பே கன்றை அவிழ்ப்பேன்.