‘போரின் போக்கு மாறியது’: விதியா, பட்டியலா?

அணு இயற்பியலின் வரலாற்றைச் சொல்லும் நானூற்றுச் சொச்சம் பக்க நூல் ஒன்றை மொழிபெயர்த்து முடித்தேன். பதினோராம் அத்தியாயத்தைத் திருத்தும்போது ஒரு வாக்கியம் கண்ணில் பட்டது: “1943-இல் போரின் போக்கு மாறியது.” எழுதியவன் நான்தான். ஆனால் எந்தப் போர் என்று எனக்கே உடனே பிடிபடவில்லை. இரண்டாம் உலகப் போரா, இயற்பியலாளர் நீல்ஸ் போரா? இருவருக்கும் பொருந்துகிறது. அந்த ஆண்டு செப்டம்பரில்தான் போர் டென்மார்க்கிலிருந்து தப்பி ஸ்வீடன் போனார். அதே ஆண்டில் உலகப் போரும் திசை மாறிக்கொண்டிருந்தது.

ஒரு நீண்ட நூலில் அயல்பெயர்களைக் கடைசி வரை ஒரே மாதிரி எழுத மூன்று வழிகளை முயன்று பார்த்தேன். முதலாவது, ஒலிபெயர்ப்பு விதிகளை வகுத்துக்கொண்டு அதன்படி நடப்பது. இரண்டாவது, மனம்போனபடி எழுதிவிட்டு முடிவில் தேடி மாற்றுவது. மூன்றாவது, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வரி போட்டுப் பட்டியல் வைப்பது. நான் பட்டியல் கட்சி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கிரந்தம் வேண்டுமா வேண்டாமா என்ற சண்டைக்குள் இங்கே போகப் போவதில்லை. ஐன்ஸ்டைன், ஐன்சுடைன் இரண்டில் எதை எடுத்தாலும் ஒரே நூலுக்குள் ஒன்றாக இருந்தால் போதும். ஓட்டோ ஹானை ‘ஆன்’ என்று எழுத மனம் வராததால் நான் கிரந்தத்தை வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

விதி வழி முதலில் அழகாகத்தான் இருந்தது. ஜெர்மன் பெயர் என்றால் ஜெர்மன் உச்சரிப்பு என்று தொடங்கினேன். மைட்னர், ஹைசன்பெர்க் எல்லாம் வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். அப்புறம் ஐன்ஸ்டைனிலேயே இடித்தது. விதியை முழுதாகப் பின்பற்றினால் ‘ஐன்ஷ்டைன்’. படிப்பவர் அச்சுப்பிழை என்று நினைப்பார். சரி, அவருக்கு ஒரு விலக்கு. அடுத்து லியோ ஸிலார்ட். புடாபெஸ்டில் பிறந்தார், பெர்லினில் படித்தார், 1933-இல் லண்டன், 1938-இல் அமெரிக்கா. எந்த மொழியின் உச்சரிப்பை எடுப்பது? விதியைக் கேட்டால் அவருடைய வாழ்க்கை வரலாற்றைக் கேட்கிறது. இப்படி நாற்பது விலக்குகள் சேர்ந்தபோது என் கையில் இருந்தது ஒரு பட்டியல்தான், விதி என்ற பெயரில்.

விதியில் ஒரு நன்மை உண்டு. புதிதாக ஒரு பெயர் வரும்போது யோசிக்கத் தொடங்க ஒரு இடம் கிடைக்கிறது. அதற்காக ஒரு பக்கத்தில் அடங்கும் பத்து விதிகளை வைத்திருந்தேன், இன்னும் வைத்திருக்கிறேன். ஆனால் தீர்ப்பு அதில் இல்லை.

கடைசியில் தேடி மாற்றும் வழியைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. ‘போர்’ குழப்பத்தைத் தீர்க்க ஒரே அடியில் எல்லாப் போரையும் ‘போஹ்ர்’ ஆக்கினேன். உலகப் போர் ‘உலகப் போஹ்ர்’ ஆனதைக்கூட எதிர்பார்த்திருந்தேன். ஆக்ஸ்ஃபோர்டு ‘ஆக்ஸ்ஃபோஹ்ர்டு’ ஆகும் என்று நினைக்கவில்லை. ரூதர்ஃபோர்டுக்கும் அதே கதி. தமிழில் பெயர் தனியாக நிற்பதில்லை. முன்னாலும் பின்னாலும் ஏதாவது ஒட்டிக்கொண்டே இருக்கும். ‘முழுச் சொல் மட்டும்’ என்று தேடினால் உருபு ஏறிய வடிவங்கள் தப்பிவிடும், பகுதியாகத் தேடினால் பக்கத்து வீட்டுக்காரனும் மாட்டுவான்.

பட்டியலை நான் தேர்ந்தெடுத்ததற்கு முழுக் காரணமும் இந்த ஒட்டுதான். பெயரின் எழுத்துக்கூட்டல் சீராக இருக்கிறதா என்று பார்க்கும் பலர் எழுவாய் வடிவத்தை மட்டும் பார்க்கிறார்கள். ஆனால் நானூறு பக்கத்தில் ரூதர்ஃபோர்டு எழுவாயாக வருவதைவிட ரூதர்ஃபோர்டின், ரூதர்ஃபோர்டுக்கு, ரூதர்ஃபோர்டிடம் என்று வருவதுதான் அதிகம். பிசகு நடப்பதும் அங்கேதான்.

என் கையெழுத்துப் படியில் இந்த ஒரு பெயர் எப்படி இருந்தது என்று காட்டுகிறேன். அத்தியாயங்களை எளிய உரைக்கோப்புகளாகச் சேமித்து இந்தக் கட்டளையை ஓட்டினேன்:

```
grep -oh 'ரூதர[^ ]*' *.txt | sort | uniq -c | sort -rn
```

‘ரூதர’ என்று தொடங்கும் சொற்களை எல்லாம் எடுத்து, எது எத்தனை முறை என்று எண்ணிக் காட்டும். ‘ர்’ என்ற எழுத்து கணினிக்குள் ர-வும் புள்ளியுமாக இரண்டு குறிகள் என்பதால், புள்ளி இல்லாமல் தேடினால் பின்னால் எது வந்தாலும் சிக்கும். முற்றுப்புள்ளியும் காற்புள்ளியும் சேர்ந்து வரும், அதைக் கண்ணால் தள்ளிவிடலாம். சில எழுத்துச் செயலிகளில் இந்தத் தந்திரம் வேலை செய்யாது. அவை ‘ர்’-ஐ ஒரே துண்டாகப் பிடித்துக்கொள்ளும்.

வந்த வடிவங்களில் ரூதர்ஃபோர்டு இருந்தது, ரூதர்போர்டு இருந்தது. இவை எதிர்பார்த்தவை. எதிர்பாராதது ‘ரூதர்ஃபோர்ட்டின்’, ‘ரூதர்ஃபோர்டின்’ என்ற ஜோடி. தேடிப் பார்த்தால், முதல் நான்கு அத்தியாயங்களில் எழுவாயை ‘ரூதர்ஃபோர்ட்’ என்று டகர ஒற்றோடு எழுதியிருக்கிறேன். தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியாது. அதனால் ‘ட்’-இல் முடித்துவிட்டு ‘இன்’ சேர்க்கும்போது கை தடுமாறுகிறது. ஒரு நாள் அப்படியே சேர்த்து ‘டின்’ என்கிறது, மறுநாள் ஒற்றை இரட்டித்து ‘ட்டின்’ என்கிறது. நான்காம் வேற்றுமையில் இன்னும் மோசம்: ‘ரூதர்ஃபோர்ட்க்கு’ என்று ஒரு வடிவம்கூடக் கிடைத்தது. வாய்விட்டுப் படிக்கவே முடியாது. ‘டு’ என்று உகரத்தில் முடித்தால் இந்தத் தொல்லையே இல்லை. வீடு, வீட்டின் என்று இரட்டிப்பதைப் போல இங்கே இரட்டிக்காது என்று ஒருமுறை எழுதிவைத்தால் போதும். ரூதர்ஃபோர்டு, ரூதர்ஃபோர்டின், ரூதர்ஃபோர்டுக்கு. முடிந்தது.

அதற்குப் பிறகு என் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் மூன்று கட்டங்கள்: எழுவாய், ‘இன்’ ஏறியது, ‘கு’ ஏறியது. மற்ற உருபுகள் இந்த மூன்றில் ஏதாவது ஒன்றைப் பின்தொடர்ந்து வந்துவிடும். இந்த இரண்டு கூடுதல் கட்டங்கள் எத்தனை முடிவுகளை வெளியே இழுத்துப் போடுகின்றன என்பது எழுதத் தொடங்கியபோதுதான் தெரிந்தது. ஃபாரடேயை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபாரடேயின் என்பதா, ஃபாரடேவின் என்பதா? ஏகாரத்துக்குப் பின் யகரமும் வரலாம், வகரமும் வரலாம் என்று இலக்கணமே இரண்டையும் அனுமதிக்கிறது. ஆக இலக்கணம் தெரிந்தவர் எழுதினாலும் நூலுக்குள் இரண்டும் கலந்து வரும், எதுவும் பிழையில்லை. பட்டியல் மட்டும்தான் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்.

கலைச்சொற்களில் இதே வேலை வேறு முகம் காட்டுகிறது. யுரேனியம், ரேடியம் போன்றவை ‘மரம்’ என்ற சொல்லைப் போல நடக்கின்றன: யுரேனியத்தின், ரேடியத்தை. ஆனால் மகரத்தில் முடியும் ஆட்பெயர் அப்படிப் போகாது. ஆபிரகாமின் என்போம், ஆபிரகாத்தின் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். குவாண்டம் இரண்டுக்கும் நடுவில் நின்றது. ‘குவாண்டமின்’ என்று ஓரிடத்தில், ‘குவாண்டத்தின்’ என்று ஓரிடத்தில். ‘த்தின்’ பக்கம் சாய்ந்தேன். எண்ணோடு வரும்போது இன்னொரு முடிவு: யுரேனியம்-235இன், யுரேனியம்-235-ன். முதலாவதை வைத்துக்கொண்டேன். எலக்ட்ரானுக்குத் தூய தமிழில் மின்னணு என்று போடலாமே என்று நண்பர் கேட்டார். மின்னணுவியல், மின்னணுச் சாதனம் என்று அந்தச் சொல் வேறு வேலைக்குப் போய்விட்டதால் எலக்ட்ரானே இருக்கட்டும் என்று விட்டேன்.

இனி போருக்கு வருவோம். பட்டியலின் நான்காவது கட்டம் அவரால்தான் முளைத்தது: ‘எந்தத் தமிழ்ச் சொல்லோடு மோதுகிறது’. பள்ளிப் பாடங்களில் ‘போர் அணு மாதிரி’ என்றே படித்தவர்கள் இருக்கும்போது ‘போஹ்ர்’ என்று புதிதாகக் கண்டுபிடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அதனால் பெயரை விட்டுவிட்டுத் தமிழ்ச் சொல்லை மாற்றினேன். அவர் வரும் அத்தியாயங்களில் சண்டை எல்லாம் ‘யுத்தம்’. ‘உலகப் போர்’ என்ற தொடர் மட்டும் அப்படியே இருக்கும், அதில் குழப்பம் வராது. உருபு ஏறும் இடங்களில் கூடுமானவரை ‘நீல்ஸ் போரின்’ என்று முழுப்பெயர். பதினோராம் அத்தியாயத்து வாக்கியம் “1943-இல் யுத்தத்தின் போக்கு மாறியது” ஆனது. படிப்பவருக்கு இதில் எதுவும் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

பட்டியலுக்கு என்ன செலவு? முதல் இரண்டு அத்தியாயங்களில் தலைவலி. ஒரு பக்கம் மொழிபெயர்த்தால் நான்கு வரி பட்டியலில் எழுத வேண்டியிருந்தது, ஓட்டம் கெட்டது. மூன்றாம் அத்தியாயத்தில் பாதியானது. நூலின் நடுவில் நாளுக்கு ஒன்றிரண்டு வரிதான். ஆனால் ஒரு நிபந்தனை: பெயர் முதலில் வரும் அன்றே வரி போட்டாக வேண்டும். “அப்புறம் பார்க்கலாம்” என்று விட்ட பெயர்கள்தான் எனக்குக் கடைசியில் இரண்டு வடிவத்தில் கிடைத்தன, எல்லாமே.

பட்டியலும் கண்டுபிடிக்காத ஒன்று உண்டு. பௌலி. இந்தப் பெயரை எண்ணியபோது நான் நினைத்ததில் பாதிதான் வந்தது. திரையில் எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. பிறகுதான் புரிந்தது, சில இடங்களில் ‘ௌ’ என்ற குறியைப் போடாமல் ‘ெ’ போட்டுப் பின்னால் ளகரத்தைத் தட்டியிருக்கிறேன். கண்ணுக்குப் பௌலி, கணினிக்குப் பெ-ள-லி. ‘ொ’, ‘ோ’ இரண்டு விதமாகத் தட்டப்பட்டிருந்தால் ஒருங்குறி இயல்பாக்கம் அவற்றை ஒன்றாக்கிவிடும். இதை ஆக்காது, ஏனென்றால் ளகரம் உண்மையிலேயே வேறு எழுத்து. அவரை ‘பவுலி’ என்று மாற்றிவிட்டேன். ஒலியும் கெடவில்லை, சிக்கலும் இல்லை.

நான் இதையெல்லாம் தனி ஆளாகச் செய்தேன். மூன்று பேர் ஒரு நூலைப் பிரித்துக்கொண்டால் இது எப்படி ஓடும் என்பதில் எனக்கு அனுபவம் இல்லை. ஒருவர் பட்டியலைத் திருத்தும் உரிமையை வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும் என்று ஊகிக்கிறேன். இலங்கை வாசகருக்கான நூல் என்றாலும் என் பட்டியல் அப்படியே உதவாது. டொராண்டோவை ரொறன்ரோ என்று எழுதிப் பழகியவர்களுக்கு என் டகரங்கள் பல அந்நியமாகத் தெரியும்.

பெயர்ச்சுட்டி தயாரிக்கும் அன்று இன்னொரு வேலை வந்தது. ஃபெர்மியும் ஃபாரடேயும் பகர வரிசையில் இல்லை. ஆய்தத்தில் தொடங்குவதால் கணினி அவர்களை அகரத்துக்கும் முன்னால் கொண்டுபோய் வைத்திருந்தது. நூலுக்குள் ‘ஃப’ வேண்டும், சுட்டியில் பகரத்தின் கீழ் வேண்டும். பட்டியலில் ஐந்தாவதாக ‘வரிசை வடிவம்’ என்று ஒரு கட்டம் சேர்த்து, ஃபெர்மிக்கு நேரே ‘பெர்மி’ என்று எழுதி, அதை வைத்து அடுக்கினேன்.