நடக்க முடியாத அம்மாவும் ஓடும் பெல்ட்டும்

இந்த ஆனியில் தேர் பார்க்கத்தான் திருநெல்வேலி போனேன். தேரடியில் நின்ற நேரத்தைவிட ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்த நேரம் அதிகம். விமானம், ரயில், சொந்தபந்தம் எல்லாம் வழக்கம்போல, அதையெல்லாம் விட்டுவிடுகிறேன். ஒரு டிரெட்மில் விஷயம் மட்டும் இன்னும் மனதைவிட்டுப் போகவில்லை.

அம்மாவுக்கு 71 வயது. இரண்டு மூட்டும் தேய்ந்து, சுவரைப் பிடித்துத்தான் அடுக்களைக்கே போகிறாள். மூட்டு மாற்று ஆபரேஷனுக்கு நாள் குறிப்பதற்கு முன்னால், இதயம் தாங்குமா என்று பார்த்து வரச் சொன்னார் எலும்பு டாக்டர். சரியான கேள்விதான். பதினைந்து வருஷமாகச் சர்க்கரை, பிரஷர் இரண்டும் இருக்கின்றன. அதோடு கொல்லைப்புறம் போய் வந்தாலே தாடை இறுகுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

முதலில் போன ஆஸ்பத்திரியில் கவுன்ட்டரிலேயே சொன்னேன்: அம்மாவால் நடக்க முடியாது, டி.எம்.டி. என்கிற டிரெட்மில் டெஸ்ட் வேண்டாம். "பேக்கேஜில் இருக்கு மேடம், எடுத்துத்தான் ஆகணும்" என்றது அந்தப் பிள்ளை. ஏற்றிவிட்டார்கள். முதல் கட்டமே மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகம், 10 சதவீத ஏற்றம். அம்மா கம்பியில் முழு எடையையும் போட்டுத் தொங்கியபடி, "ஏட்டி, நிப்பாட்டச் சொல்லுட்டி" என்று கத்தினாள். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. அதிகபட்ச நாடித்துடிப்பு 98. ரிப்போர்ட்டில் "மூட்டு வலியால் நிறுத்தப்பட்டது, நெகட்டிவ்" என்று போட்டிருந்தார்கள். இரண்டும் ஒரே வரியில்.

நான் இங்கிலாந்தில் லெஸ்டரில் எக்கோ, அதாவது இதய ஸ்கேன் எடுக்கிறவள். பதினொரு வருஷமாக அதே வேலை. அந்த வரியைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபம் கொஞ்சம் அதிகப்படி என்று தம்பி சொல்கிறான். கணக்கு இதுதான். 220இலிருந்து வயதைக் கழித்தால் அம்மாவுக்கு 149. அதில் 85 சதவீதம், அதாவது ஏறக்குறைய 127 வரை துடிப்பு ஏறினால்தான் இதயத்துக்குப் போதுமான வேலை கொடுத்ததாக எடுத்துக்கொள்வோம். 98 என்பது மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டுப் பால் பொங்கவில்லை என்று எழுதித் தருகிற கதை. "முடிவு சொல்ல இயலாது" என்று மாற்றித் தாருங்கள் என்று மேனேஜரிடம் கேட்டேன். "நெகட்டிவ்னா நல்ல ரிசல்ட்தானே மேடம், எதுக்கு மாத்தணும்?" என்றார். அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை.

அம்மா மாதிரி ஆட்களுக்கு உள்ளது டோபுடமின் ஸ்ட்ரெஸ் எக்கோ. கால் செய்ய வேண்டிய வேலையை மருந்து செய்கிறது. கையில் ஊசி வழியாக டோபுடமினைச் சிறிது சிறிதாக ஏற்றினால், இதயம் வேகமாகவும் அழுத்தமாகவும் துடிக்கும். அந்த நேரத்தில் எக்கோவில் இதயச் சுவரைப் பார்க்க வேண்டும். உட்கார்ந்திருக்கும்போது குறுகின ரத்தக்குழாயும் தேவையான ரத்தத்தைக் கொடுத்துவிடும்; தேவை ஏறும்போதுதான் பற்றாக்குறை தெரியும். பற்றாக்குறை வந்ததும் அந்த இடத்துத் தசை சரியாகச் சுருங்காமல் போகிறது. ஈ.சி.ஜி.யில் மாற்றம் வருவதும் நெஞ்சு வலிப்பதும் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். அதனால்தான் சுவரைப் பார்க்கிறோம்.

இரண்டாவது ஆஸ்பத்திரியைப் பக்கத்து வீட்டு மாமா சொன்னார். சின்ன இடம், மாடியில் ஒரே ஒரு எக்கோ மெஷின். பெரிதாக எதிர்பார்க்காமல்தான் பதிந்தேன். அன்று சாயந்திரமே ஒரு நர்ஸ் போன் செய்தாள்: "ஆச்சி என்னென்ன மாத்திரை போடுறாங்கக்கா? ஒவ்வொண்ணா வாசிங்க." மெட்டோப்ரோலால் என்றதும் நிறுத்தினாள். டாக்டரிடம் கேட்டுவிட்டு மறுபடி கூப்பிட்டு, அதை மட்டும் இரண்டு நாள் நிறுத்தச் சொன்னாள்; டெஸ்ட் முடிந்ததும் திரும்பத் தொடங்க வேண்டும், மற்ற மாத்திரைகளைத் தொட வேண்டாம் என்றாள். துடிப்பைக் கட்டி வைக்கிற மாத்திரை உடம்பில் இருந்தால் டோபுடமின் எவ்வளவு ஓடினாலும் துடிப்பு ஏறாது. அடைப்பு இருந்தாலும் தெரியாமல் போகலாம். எங்கள் ஊரில் (எது எங்கள் ஊர் என்பது எனக்கே குழப்பம்தான்) இதைக் கடிதத்தில் தடித்த எழுத்தில் அச்சடித்து அனுப்புவோம். அப்படியும் பத்தில் ஒருவர் காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வந்து நிற்பார். போன் செய்து வாசிக்கச் சொல்வது எவ்வளவு நல்ல வழி!

கண்ணில் பிரஷர் இருக்கிறதா என்றும் அவளே கேட்டாள். துடிப்பு போதாவிட்டால் அட்ரோபின் போட வேண்டி வரும். சில வகைக் கண் அழுத்த நோய்க்கு அது ஆகாது.

டெஸ்ட் அன்று நாலு மணி நேரம் வெறும் வயிறு. அம்மா எடை 60 கிலோ. நர்ஸ் ஈ.சி.ஜி. தாளின் பின்பக்கத்தில் பேனாவால் 3.6, 7.2, 14.4, 21.6, 28.8 என்று எழுதி பம்ப் பக்கத்தில் ஒட்டினாள். 50 மில்லி சிரிஞ்சில் 250 மில்லிகிராம் மருந்து. கிலோவுக்கு நிமிஷத்துக்கு 5, 10, 20, 30, 40 மைக்ரோகிராம் என்று மூன்று மூன்று நிமிஷத்துக்கு ஒருமுறை ஏற்ற, மணிக்கு எத்தனை மில்லி ஓட வேண்டும் என்ற கணக்கு அது. மனதுக்குள் நானும் போட்டுப் பார்த்தேன். சரியாக இருந்தது.

தொடக்கத்தில் துடிப்பு 74. எல்லாச் சுவரும் ஒழுங்காகச் சுருங்கின. மருந்து 20 மைக்ரோகிராமில் 96, இதயத்தின் இடது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் முன்னைவிடச் சின்னதாகச் சுருங்கியது. அப்படித்தான் இருக்க வேண்டும். 30இல் 110. 40 ஓடி முடியும்போது 119இல் நின்றுவிட்டது. அட்ரோபின் அரை மில்லிகிராம் போட்டதும் ஒரு நிமிஷத்தில் 131. அம்மா, "யாரோ உள்ளே உலக்கை போடுறா" என்றாள்.

எக்கோ எடுத்த பெண் நாலறைக் காட்சியைப் பதிந்துவிட்டு, "நார்மல்தான் சார்" என்றாள். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் இதய நுனி கொஞ்சம் மொண்ணையாக, உருண்டையாகத் தெரிந்தது. வாயைத் திறக்கலாமா என்று நான் யோசிப்பதற்குள் டாக்டர் நெஞ்சில் வைத்துப் படம் எடுக்கிற புரோபைக் கையில் வாங்கினார். அம்மாவை இன்னும் இடப்பக்கம் சாயச் சொல்லி, ஒரு விலா இடைவெளி கீழே இறக்கி வைத்தார். அவ்வளவுதான். கீழறை நீளமாயிற்று, நுனி கூர்மையாயிற்று, அந்த நுனி அசையவே இல்லை.

எங்கள் தொழிலில் ரொம்பச் சாதாரணமான தப்பு இது. புரோபை உண்மையான நுனிக்கு மேலே வைத்தால் அறையைச் சாய்வாக வெட்டிப் பார்க்கிறோம். திரையில் நுனி என்று தெரிவது பக்கச் சுவர். அது நன்றாகவே சுருங்கும். நுனியோ படத்திலேயே இருக்காது. தொடக்கப் படத்தையும் உச்சப் படத்தையும் பக்கத்தில் வைத்தால் கண்டுபிடிக்கலாம்: உச்சத்தில் அறையின் நீளம் திடீரென்று குட்டையாகி வட்டமாகத் தெரிந்தால், பார்க்கிற இடம் மாறிவிட்டது என்று சந்தேகப்பட வேண்டும். லெஸ்டரில் படம் தெளிவில்லாவிட்டால் கான்ட்ராஸ்ட் ஊசி போட்டு அறையின் ஓரத்தை வெளிச்சமாக்குவோம். இங்கே அவர் கையாலேயே முடித்துவிட்டார். துடிப்பு இறங்குவதற்குள் முடிக்க வேண்டும் என்பதால் எல்லாம் அரை நிமிஷத்துக்குள்.

உடனே டோபுடமினை நிறுத்தி, துடிப்பைக் குறைக்க மெட்டோப்ரோலாலை ஊசியாகக் கொடுத்தார்கள். அப்புறம் திரையை நாலு கட்டமாகப் பிரித்தார்: ஓய்வு, குறைந்த அளவு, உச்சம், மீட்சி. நாலும் ஒரே தாளத்தில் ஓடின. அந்தப் பெண்ணிடம், "எது அசையுதுன்னு பார்க்காதே, எது தடிக்குதுன்னு பாரு" என்றார்.

அவர் சொன்னதை அன்று சாயந்திரம் தேரில் பார்த்தேன். வடத்தைப் பிடித்தவர்கள் எல்லோரும் முன்னால் நகர்கிறார்கள். ஆனால் பாதிப் பேர் இழுப்பதில்லை, வடம் அவர்களைக் கூட்டிப் போகிறது. முழங்கையில் நரம்பு புடைக்கிறதா என்று பார்த்தால்தான் யார் இழுக்கிறார் என்று தெரியும். இதயச் சுவரும் அப்படியே. செத்துப்போன துண்டையும் பக்கத்துத் துண்டு இழுத்துக்கொண்டு போகும். உண்மையாகச் சுருங்குகிற தசை உள்ளே வருவதோடு தடிக்கவும் செய்யும்.

கீழ்ச்சுவரின் அடிப்பகுதி உச்சத்தில் கொஞ்சம் சோம்பலாகத் தெரிகிறதே என்று நான் கேட்டேன். ஒரே ஒரு கோணத்தில்தான் அப்படி, அடுத்த துண்டு நன்றாக இருக்கிறது, தடிக்கவும் செய்கிறது, அதனால் கணக்கில் எடுக்க வேண்டாம் என்றார். அந்த இடம் ஏமாற்றுக்குப் பேர்போனது. நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன், ஆனால் நம் அம்மா என்று வரும்போது எல்லாச் சுவரும் சோம்பலாகத்தான் தெரிகிறது.

17 துண்டுகளுக்கும் மார்க் போட்டார். சரியாகச் சுருங்கினால் 1, குறைவாகச் சுருங்கினால் 2, சுருங்காவிட்டால் 3, வெளியே பிதுங்கினால் 4. ஓய்வில் எல்லாம் 1. உச்சத்தில் நுனிக்கு 3, அதை ஒட்டிய முன்சுவருக்கும் நடுச்சுவருக்கும் தலா 2, மற்ற பதினாலும் 1. மொத்தம் 21, பதினேழால் வகுத்தால் 1.24. மீட்சிப் படத்தில் எல்லாம் திரும்ப 1. ஓய்விலேயே அசையாமல் இருந்து உச்சத்திலும் அப்படியே இருந்திருந்தால் பழைய தழும்பு என்று நினைத்திருப்போம். இது நன்றாக இருந்து, கெட்டு, திரும்பியிருக்கிறது. தசை உயிரோடு இருக்கிறது, ரத்தம்தான் போதவில்லை. மூன்று துண்டும் முன்பக்கம் இறங்கும் எல்.ஏ.டி. குழாயின் எல்லைக்குள் வருபவை.

அடுத்த வாரம் ஆஞ்சியோவில் அந்தக் குழாயின் நடுவில்தான் அடைப்பு இருந்தது. மூட்டு ஆபரேஷனைத் தள்ளி வைத்திருக்கிறோம். லெஸ்டரில் என்றால் இந்த இரண்டு டெஸ்டுக்கும் நடுவில் ஒரு குளிர்காலம் போயிருக்கும். இதை அங்கே சொன்னால் சண்டைக்கு வருவார்கள்.

டெஸ்ட் முடிந்து துடிப்பு 80க்கு இறங்கியதும் அம்மா கேட்ட முதல் வார்த்தை காபி. இரண்டாவது, "அந்த ஓடுற மெஷினுக்கு எவ்வளவுட்டி வாங்கினான்?" சொன்னேன். காபி முடியும்வரை பேசவில்லை.

நான் லெஸ்டர் திரும்பிய பிறகும் அந்த முதல் ஆஸ்பத்திரியிலிருந்து என் போனுக்குச் செய்தி வருகிறது. மூத்த குடிமக்களுக்குப் பேக்கேஜில் தள்ளுபடியாம். டி.எம்.டி. இலவசம்.