டோரியனா, எயோலியனா? காதுக்கு எந்த மெட்டு நல்ல அளவுகோல்

புதுச்சேரியில் பாடகர் குழுவுக்குக் கீபோர்டு வாசிப்பவர்கள் மேற்கத்திய இசையின் பழைய ஸ்வர வரிசைகளான சர்ச் மோடுகளில் அதிகம் தடுமாறுவது டோரியனுக்கும் எயோலியனுக்கும் நடுவில்தான். ராகம் தெரிந்தவர்களுக்குச் சொன்னால், கரஹரப்ரியாவின் ஸ்வரங்கள் டோரியன், நடபைரவியின் ஸ்வரங்கள் எயோலியன். தைவதம் ஒன்றுதான் வேறு, டோரியனில் பெரியது, எயோலியனில் சின்னது. ஆனால் கரஹரப்ரியாவை அளவுகோலாக வைத்துக்கொள்ள வேண்டாம். கமகத்தோடு கேட்டுப் பழகிய காதுக்கு, அசையாமல் நிற்கும் டோரியன் ஸ்வரங்கள் அதே ராகமாகக் கேட்காது.

எயோலியனுக்குத் திருவருகைக் காலத்துப் பாட்டான ‘ஓ கம் ஓ கம் இம்மானுவேல்’ போதும். இம்மானுவேல் என்ற சொல் வரும் இடத்தில் ம த ப ம க என்று போகும். அந்தத் த சுத்த தைவதம், பஞ்சமத்துக்கு அடுத்த கட்டை. தொட்டவுடன் பஞ்சமத்தில் சரிந்து விழும்.

டோரியனுக்கு இரண்டு பேர் போட்டிக்கு வருகிறார்கள். பலர் சொல்வது ‘கிரீன்ஸ்லீவ்ஸ்’. எனக்கு அது பிடித்த மெட்டு, ஆனால் அளவுகோலுக்கு ஆகாது. ஒருவர் பெரிய தைவதத்தோடு பாடுவார், இன்னொருவர் சின்னதோடு. வரி முடிவில் நிஷாதத்தையும் உயர்த்திவிடுவார்கள். ‘ஸ்கார்பரோ ஃபேர்’ அப்படி இல்லை. அதன் இரண்டாவது வரி ப நி ச நி ப த ம ப. இந்தத் த பஞ்சமத்திலிருந்து இரண்டு கட்டை தள்ளி இருக்கிறது. சோக மெட்டுக்குள் திடீரென ஜன்னல் திறந்த மாதிரி இருக்கும்.

சரி, புது மெட்டு வந்தால் என்ன செய்வது? முதலில் ஷட்ஜத்தைப் பிடியுங்கள், பெரும்பாலும் மெட்டு வந்து ஓயும் ஸ்வரம் அதுதான். வெள்ளைக் கட்டைகளிலேயே டி-யில் ஓய்ந்தால் டோரியன், ஏ-யில் ஓய்ந்தால் எயோலியன் என்பதால், இதில் தவறினால் மற்றதெல்லாம் தவறும். பிறகு ப த ப மட்டும் முணுமுணுத்து, இம்மானுவேலா ஸ்கார்பரோவா என்று பாருங்கள்.

மாலுமிகளின் ‘ட்ரங்கன் செய்லர்’ பாட்டில் சோதிக்கலாம். முதல் வரி ச க ப-விலும், இரண்டாவது வரி நி ரி ம-விலுமே சுற்றுகிறது. தைவதமே இல்லை, அதுவரை எந்த மோடு என்று யாராலும் சொல்ல முடியாது. மூன்றாவது வரி ப த நி ச என்று ஏறும்போது பெரிய தைவதம் கேட்கும். டோரியன். அவசரப்பட்டு முதல் வரியிலேயே கார்டு போடுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

பழைய கிரிகோரியன் பாடல்களில் மட்டும் இந்தச் சோதனையை முழுதாக நம்பாதீர்கள். அங்கே முதல் மோடு டோரியன்தான், ஆனாலும் மெட்டு பஞ்சமத்துக்கு மேல் ஒரு ஸ்வரம் எட்டிப்பார்த்துத் திரும்பினால் அதைச் சின்ன தைவதமாகவே பாடும் வழக்கம் உண்டு. எயோலியன் என்ற தனிப் பெயரே 1547-இல் கிளாரியானுஸ் எழுதிய நூலில்தான் மோடுகளின் வரிசையில் சேர்ந்தது.