180 கிலோ வரை தாங்கும் எடை மிஷின்: ஒன்றரை வருடம் பயன்படுத்திய பிறகு

சுங்கை சிப்புட் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டும் தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணே, உங்க வீட்டு எடை மிஷின் விலை இறங்கியிருக்கு. வாங்கலாமா?" அவருடைய எடை 130 கிலோ, குறைக்க வேண்டியது நாற்பதுக்கு மேல். நான் ஆரம்பித்தபோது என் எடையும் ஏறக்குறைய அதுதான். அதனால் மிஷினை மட்டும் பேசினால் போதாது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். நம் ஊர்க் கடைகளில் கிடைப்பதில் பல மிஷின்கள் 150 கிலோவோடு நின்றுவிடும். இது 180 தாங்கும். சமமான டைல்ஸ் தரையில் வைத்தால் அடுத்தடுத்து மூன்று முறை ஏறினாலும் ஒரே எண்தான். பாய் மேலோ மேடுபள்ளமான சிமெண்ட் தரையிலோ வைத்தால் மட்டும் எண் தாறுமாறாக வரும். எடை காட்டுவதில் எந்தக் குறையும் இல்லை.

எனக்கு எரிச்சல் எல்லாம் எடைக்குக் கீழே அது காட்டும் கொழுப்புச் சதவீதத்தின் மேல்தான். காலையில் 44 என்கும், வேலை முடிந்து வந்து ஏறினால் 41 என்கும். ஒரே பகலில் மூன்று சதவீதக் கொழுப்பு எங்கே கரைந்தது? மிஷின் கொழுப்பை அளப்பதில்லை. ஒரு பாதத்திலிருந்து மறு பாதத்துக்குச் சிறு மின்சாரத்தை அனுப்பி, அது எவ்வளவு தடைபடுகிறது என்று பார்த்து, மற்றதைக் கணக்குப் போட்டு ஊகிக்கிறது. தண்ணீர் குடித்தால் மாறும், வியர்த்தால் மாறும். நாள் முழுக்க பூட்ஸ் போட்டுக் காய்ப்பு ஏறிய குதிகால் ஈரமாக இருந்தால் ஒரு எண், காய்ந்திருந்தால் வேறு எண். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இதில் ஏறவே கூடாது. என் மனைவி அந்த எண்ணைப் பார்த்து மனம் உடைந்து ஒரு மாதம் நடைப்பயிற்சியையே விட்டுவிட்டாள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

எடை எண்ணும் ஏமாற்றும், ஆனால் அதற்குக் காரணம் தெரியும். முதல் வாரம் இரண்டு மூன்று கிலோ சட்டென்று இறங்கும். அதில் பெரும்பகுதி கொழுப்பு இல்லை. உடம்பு சேமித்து வைத்த மாவுச்சத்து கரைகிறது, அதோடு ஒட்டியிருந்த தண்ணீரும் போகிறது. பிறகு ஒரு சனிக்கிழமை கல்யாண விருந்து, கருவாட்டுக் குழம்பு, ஊறுகாய். மறுநாள் காலை இரண்டு கிலோ கூடியிருக்கும். இரண்டு கிலோ கொழுப்பு சேர வேண்டுமென்றால் உடம்பு செலவழிப்பதற்கு மேல் சுமார் 15,000 கலோரி சாப்பிட்டிருக்க வேண்டும். ஓர் இரவில் யாராலும் முடியாது. அது உப்பு பிடித்து வைத்த தண்ணீர், மூன்று நாளில் இறங்கிவிடும். அதனால் தினமும் காலையில், கழிவறை போய்வந்து, சாப்பிடுமுன் எடை பார்த்து எழுதுங்கள். ஏழு நாள் சராசரியை முந்தைய வாரச் சராசரியோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

தம்பியின் கணக்கு இப்படி. காலை, பகல், மாலை என்று மூன்று தே தாரேக். ஒரு கப்பில் மூன்று மேசைக்கரண்டி டின் பால் என்றால் நாளுக்கு ஒன்பது கரண்டி. கரண்டிக்கு 60 கலோரி வீதம் 540 கலோரி. சோற்றைத் தொடாமல், மூன்றையும் தே ஓ கொசோங் ஆக்கினாலே, மற்றது மாறாதவரை, வாரத்துக்கு அரை கிலோ அளவு இறங்க ஆரம்பிக்கும். முதல் மாதத்துக்கு இது ஒன்றே போதும். நடை, வீட்டு வாசலிலிருந்து பத்து நிமிடம். 130 கிலோவைத் தாங்கும் முட்டியை ஓட வைக்கக் கூடாது. மறுநாள் காலையிலும் முட்டி வலித்தால் தூரம் அதிகம் என்று அர்த்தம்.

நாற்பது கிலோவை நினைத்துக்கொண்டு ஏற வேண்டாம். முதல் மைல்கல் ஐந்து சதவீதம், அதாவது 123.5. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பலருக்கு அங்கேயே இறங்கத் தொடங்கிவிடும். அடுத்தது பத்து சதவீதம், 117. அதற்கு ஆறு மாதம் நியாயமான காலம். பிறகு வேகம் குறையும், ஏனென்றால் உடம்பு சிறுத்தால் அதன் செலவும் சிறுக்கும். நாற்பது முழுவதும் இறங்க ஒன்றரை முதல் இரண்டு வருடம் ஆகலாம். வாரம் ஒன்றரை கிலோவுக்கு மேல் தொடர்ந்து இறங்கினால் சந்தோஷப்படாதீர்கள், பித்தப்பையில் கல் வரும் ஆபத்து கூடுகிறது.

இவ்வளவு உழைத்த மிஷினைத் தம்பிக்குச் சிபாரிசு செய்தேனா? இல்லை. 180 தாங்கும், எடை மட்டும் காட்டும் சாதா மிஷினை வாங்கச் சொன்னேன். அதற்கும் முன்னால் கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போகச் சொன்னேன். அவர் சர்க்கரைக்குக் கிளிக்லசைட் சாப்பிடுகிறார். டின் பாலை ஒரேயடியாக நிறுத்திவிட்டு அதே அளவு மாத்திரை போட்டால், லாரி ஓட்டும்போதே சர்க்கரை தாழ்ந்து கை நடுங்கும், வியர்க்கும், கண் மங்கும். மாத்திரையின் அளவை டாக்டர் பார்த்து முடிவு செய்த பிறகுதான் டின் பாலில் கை வைக்க வேண்டும்.